பழைய விலையில் ஐயாயிரம் பேர்

2014 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் புதிய சந்தாதாரர்களுக்கான மாதக் கட்டணத்தை அமெரிக்காவில் 7.99 டாலரிலிருந்து 8.99 டாலராக்கியது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பழைய விலையே நீடித்தது. 2016-இல் அந்தச் சலுகை முடியத் தொடங்கியபோது விலகுவோர் கூடினர். இரண்டாம் காலாண்டில் உலகெங்கும் 25 லட்சம் பேர் கூடுவார்கள் என்று கணித்திருந்த நிறுவனத்துக்குச் சுமார் 17 லட்சம் பேரே கூடினர்.

விலகியவர்களில் எத்தனை பேர் விலைக்காகப் போனார்கள்? விலை ஏறாவிட்டாலும் மாதாமாதம் சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களைக் கழிக்காமல் விடை கிடைக்காது. அதற்காகத்தான் சிலரைப் பழைய விலையிலேயே விட்டுவைக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 மாதச் சந்தாதாரர்கள். விலை 199 ரூபாயிலிருந்து 249 ஆகிறது. குலுக்கல் முறையில் 5,000 பேரைத் தேர்ந்தெடுத்துப் பழைய விலையில் வைக்கிறோம். மூன்று மாதம் கழித்து, புதிய விலைக்காரர்களில் நூற்றுக்கு 12 பேரும் பழைய விலைக்காரர்களில் நூற்றுக்கு 8 பேரும் விலகியிருக்கிறார்கள். விலை துரத்தியது 12 பேரை அல்ல, 4 பேரை. எஞ்சிய 88 பேர் தருவது மாதம் 21,912 ரூபாய். பழைய விலையில் 92 பேர் தந்திருப்பது 18,308.

பழைய விலையில் 500 பேரை மட்டும் வைத்திருந்தால்? அந்த 4 என்பது இரண்டாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். வருமானம் போகிறதே என்று இந்தக் குழுவைச் சுருக்குவது தவறான சிக்கனம்.

கணக்கு பெரும்பாலும் கெடுவது வாடிக்கையாளர் சேவை மையத்தில்தான். விலகப்போகிறேன் என்று அழைப்பவருக்கு ஊழியர் பழைய விலையையே கொடுத்துவிடுவார். மாத முடிவில் அவரைப் பழைய விலைக் குழுவில் சேர்த்து எண்ணினால், போக நினைத்தவர்களெல்லாம் அந்தப் பக்கம் குவிந்து ஒப்பீடே பாழாகிவிடும். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ, கடைசிவரை அதிலேயே அவரை எண்ண வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. சலுகை முடியும் செய்தியைச் சிலர் புதியதொரு விலையேற்றம் என்று எண்ணிவிட்டதாக 2016-இல் நெட்ஃப்ளிக்ஸே பங்குதாரர்களுக்கு எழுதியது. அப்படிச் செய்தி பரவும்போது, பழைய விலையில் இருப்பவர்களும் கலங்கி விலகுவார்கள். நம் கணக்கில் அந்த 8 என்பது 10 ஆகிவிட்டால், விலையின் விளைவு 2 என்றுதான் தெரியும். உண்மையில் அது கூடுதல். இதைக் கண்டுபிடிக்க, பழைய விலைக் குழு அறிவிப்புக்கு முந்தைய மாதங்களில் எந்த வேகத்தில் கரைந்தது என்று பார்க்க வேண்டும். அறிவிப்பு வந்த வாரத்தில் அந்த வேகம் திடீரென்று எகிறியிருந்தால், செய்தி அவர்களையும் எட்டியிருக்கலாம்.

ஆண்டுச் சந்தா கட்டியவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுப்பிக்கும் நாள் வரும்வரை அவர்கள் புதிய விலையைத் தொடுவதே இல்லை. ஆகவே அவரவர் புதுப்பிப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும். அதை அடுத்த வாரம் போட்டுப் பார்ப்போம்.