முதலில் பேச வேண்டியவர் யார்?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. மூன்றாவது ஷிப்ட். சைடர் ஒருவர் 14ஆம் நம்பர் ரிங் பிரேமுக்குப் பின்னால், கழிவுப் பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்கிவிட்டார். சூப்பர்வைசர் எழுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து அந்த சைடர் தன் மேஜைக்கு வந்து, கெட்ட வார்த்தையில் திட்டி, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார் என்று சூப்பர்வைசர் காலையில் எழுதிக் கொடுத்தார். அன்று மதியமே தொழிலாளி சஸ்பெண்ட்.

அந்த வழக்கில் நான் விசாரணை அலுவலராக இருந்தேன். கோப்பு கைக்கு வந்தபோது ஆலையில் எல்லோருக்கும் முடிவு தெரிந்திருந்தது. “என்கொயரி ஒரு சம்பிரதாயம்தானுங்க சார், சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க” என்றார் பர்சனல் ஆபீசர். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆலைகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குற்றம் நடந்திருக்கும், ஆனால் முடிவை முதலில் எடுத்துவிட்டு விசாரணையை அதற்குப் பிறகு நடத்தியிருப்பார்கள். அது தாளிலேயே தெரிந்துவிடும்.

முதல் தாள் குற்றச்சாட்டு. நம் ஊரில் சார்ஜ் ஷீட் என்றே சொல்கிறோம். அந்த ஆலையில் தயாரான வரைவில், “நீங்கள் அடிக்கடி ஒழுங்கீனமாக நடந்து, மேலதிகாரியைத் தாக்கிக் குற்றம் செய்துள்ளீர்கள். உங்களை ஏன் வேலையைவிட்டு நீக்கக் கூடாது?” என்று இருந்தது. இதில் இரண்டு கோளாறு. “அடிக்கடி” என்றால் எந்தெந்த நாள்? அதற்கு ஒரு மனிதன் என்ன பதில் எழுத முடியும்? அடுத்தது, “செய்துள்ளீர்கள்” என்று நிர்வாகம் தீர்ப்பே எழுதிவிட்டது. விசாரிக்க வேண்டியது இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை.

திருத்தியபோது அது இரண்டு குற்றச்சாட்டாகப் பிரிந்தது. இன்ன தேதி மூன்றாவது ஷிப்டில், இரவு 2.20 மணிக்கு, 14ஆம் நம்பர் பிரேமுக்குப் பின்னால் தூங்கியதாகக் கூறப்படுகிறது என்பது ஒன்று. 2.40 மணிக்கு சூப்பர்வைசர் மேஜை அருகே அவரைத் திட்டித் தள்ளியதாகக் கூறப்படுகிறது என்பது இன்னொன்று. திட்டிய வார்த்தை எது என்பதையும், சங்கடமாக இருந்தாலும், அப்படியே எழுதச் சொன்னேன். “தகாத வார்த்தை” என்று மட்டும் எழுதினால் அதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. இந்தச் செயல்கள் ஆலையின் நிலையாணையில் எந்தப் பிரிவின்கீழ் ஒழுங்கீனம் என்பதும் சார்ஜ் ஷீட்டில் இருக்க வேண்டும். நிலையாணையில் சொல்லப்படாத ஒன்றைக் குற்றமாக்கித் தண்டிக்க முடியாது. சூப்பர்வைசரின் புகாரை நகலெடுத்து உடன் வைத்து, பதில் தர ஏழு நாள் கொடுத்தோம்.

சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் தந்தாக வேண்டும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். அதற்குமேல் இழுத்தால், இழுத்ததற்குத் தொழிலாளி காரணம் இல்லையென்றால், முக்கால் பங்கு. முன்பு 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சஸ்பெண்ட் செய்த 90 நாளுக்குள் விசாரணையைச் சாதாரணமாக முடித்துவிட வேண்டும் என்றும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. இது பரிதாபத்துக்காகக் கொடுக்கும் பணம் அல்ல. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் அதிகாரி, பிழைப்பூதியம் கிடைக்காமல் கேரளத்தில் இருந்து விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்தார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. பஸ்ஸுக்குக் காசில்லாதவனை வரவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது.

தூங்கியதாகச் சொல்வது தவறு, கண் அசந்தேன், அவ்வளவுதான்; தள்ளவே இல்லை என்று தொழிலாளி பதில் எழுதினார். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. ஆகவே விசாரணை நோட்டீஸ் போனது. நாள், நேரம், இடம், விசாரணை அலுவலர் பெயர், உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், சாட்சிகளைக் கொண்டு வரலாம், வராவிட்டால் அவர் இல்லாமலே நடக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. வக்கீல் வைத்துக்கொள்ளப் பொதுவாக உரிமை இல்லை. ஆனால் நிர்வாகத் தரப்பை நடத்துகிறவர் சட்டம் படித்தவர் என்றால் தொழிலாளிக்கும் அதை மறுப்பது நியாயமாகாது; 1983இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு. விசாரணை அலுவலர் யார் என்பதும் இங்கேயே முடிவாகிறது. புகார் கொடுத்தவரோ சம்பவத்தைப் பார்த்தவரோ அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

முதல் அமர்வு. சார்ஜ் ஷீட்டைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டேன். “மறுக்கிறேனுங்க” என்றார். எழுதிக்கொண்டேன். அதோடு அவரிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

பர்சனல் ஆபீசருக்கு ஆச்சரியம். “அவரையே விசாரிச்சுட்டா முடிஞ்சுதுங்களே?” என்றார். கேட்க இயல்பாக இருக்கும். பல ஆலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நிற்க வைத்து, ஏன் செய்தாய், எப்படிச் செய்தாய் என்று முதலிலேயே துருவுவார்கள். ஆனால் குற்றம் சாட்டியது நிர்வாகம். நிரூபிக்கும் பொறுப்பும் நிர்வாகத்துடையது. அது தன் சாட்சிகளை முதலில் நிறுத்த வேண்டும். தன்மேல் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் பதில் சொல்வதுதான் தொழிலாளியின் முறை. அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1963இன் சுர் எனாமல் வழக்கில் இன்னும் விரிவாக: குற்றம் தெளிவாகத் தெரிய வேண்டும், சாட்சிகள் அவர் முன்னால் பேச வேண்டும், குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு வேண்டும், தன் பக்கம் சாட்சி நிறுத்த வாய்ப்பு வேண்டும், விசாரணை அலுவலர் காரணத்தோடு முடிவு எழுத வேண்டும். இன்றும் ஓர் என்கொயரி தேறுமா என்று பார்க்க இந்த ஐந்தும் போதும்.

சூப்பர்வைசர் முதல் சாட்சியாகச் சொன்னார். அவர் புகாரை எம்-1 என்று குறியிட்டேன். பிறகு தொழிலாளிக்குத் துணையாக வந்த இன்னொரு சைடர் குறுக்கு விசாரணை செய்தார். படிப்பு பத்தாவது. அவர் கேட்டது மூன்றே கேள்வி.

“2.40க்கு நீங்க மேஜையிலதான் இருந்தீங்களா?”

“ஆமா.”

“அன்னிக்கு ராத்திரி கார்டிங் மிஷின் ரிப்பேர் ஆச்சுங்களே, அந்தப் புக்குல கையெழுத்துப் போட்டது யாருங்க?”

சூப்பர்வைசர் பேசாமல் இருந்தார். “பேசாமல் இருந்தார்” என்றே பதிவில் எழுதினேன். பழுதுப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னேன். 2.30 முதல் 3.05 வரை கார்டிங் பகுதியில் இருந்ததாக அவருடைய கையெழுத்து இருந்தது.

“அப்ப உங்க மேஜைகிட்ட உங்களைத் தள்ளினது யாருங்க?”

நேரத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்றார். இருக்கலாம், நடுராத்திரியில் யாரும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால் இரண்டாவது சாட்சி மேஸ்திரி. அவர் நின்ற இடத்தில் இருந்து மேஜை தெரியும். தூங்கியதைப் பார்த்தேன், தள்ளியதைப் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை என்றார்.

அதன் பிறகே தொழிலாளியின் முறை. அவர் கையில் ஒரே ஒரு சீட்டு, முந்தின நாள் வருகைப் பதிவின் நகல். இரண்டாவது ஷிப்ட் முடித்துக் கிளம்பியவரை, ஆள் வராததால் மூன்றாவது ஷிப்டுக்கும் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியவர் அதே சூப்பர்வைசர். “பதினாலு மணி நேரம் நின்னுட்டே வேலை பார்த்தா கண்ணு சொருகாதுங்களா சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதினேன். முதல் நாளே நாங்கள் அவரைத் துருவத் தொடங்கியிருந்தால், “தூங்கினீர்களா?” “ஆமா” என்பதோடு பதிவு முடிந்து, இந்தச் சீட்டு வெளியே வந்தே இருக்காது.

ஒவ்வொரு அமர்வின் பதிவையும் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அன்றே நகல் கொடுத்தோம். “சொன்னார்” என்று சுருக்கி எழுதுவதைவிட, கேள்வியையும் பதிலையும் சொன்னபடி எழுதுவது நல்லது. கையெழுத்துப் போட மறுத்தால் மறுத்தார் என்று குறித்து, அங்கிருப்பவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். தொழிலாளி வராமல் போனாலும் நிர்வாகம் சாட்சியை நிறுத்தாமல் தப்ப முடியாது. வரவில்லை என்பதே நிரூபணம் ஆகிவிடாது.

என் அறிக்கை நான்கு பக்கம். இங்கே குற்றவியல் நீதிமன்றம்போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அந்த அளவுகோலிலும் தள்ளியது நிற்கவில்லை. முதல் குற்றச்சாட்டு நிரூபணம், இரண்டாவது நிரூபணம் ஆகவில்லை என்று, எந்தச் சாட்சியத்தை ஏன் நம்பினேன் என்பதோடு எழுதினேன். என்ன தண்டனை என்று எழுதவில்லை. அது விசாரணை அலுவலரின் வேலை இல்லை.

அறிக்கையின் நகல் தொழிலாளிக்குப் போக வேண்டும். அதைப் பார்த்து அவர் பதில் சொன்ன பிறகுதான் தண்டனை முடிவாகும். 1993இல் கருணாகர் வழக்கில் வந்த விதி இது. மூன்று வருடத்துக்கு முன் தாமதமாக வந்ததற்கு அவருக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. அதையும் கணக்கில் எடுக்க நிர்வாகம் விரும்பியது. அப்படியானால் இரண்டாவது நோட்டீஸிலேயே சொல்லுங்கள், அதற்கும் அவர் பதில் சொல்லட்டும் என்றேன். சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு தண்டிக்கக் கூடாது.

இறுதி உத்தரவு ஒரே பக்கம். எந்தக் குற்றச்சாட்டு நிரூபணம், எது இல்லை. பதினாலு மணி நேரம் நிறுத்தி வைத்ததைக் கணக்கில் கொண்டது. நான்கு நாள் தற்காலிக நீக்கம் என்ற தண்டனை. அந்த நான்கு நாள் ஏற்கனவே அவர் சஸ்பென்ஷனில் இருந்த காலத்திலேயே கழிந்தது. மொத்தம் 52 சம்பள நாள் வெளியே இருந்தார். நான்கு போக 48 நாளுக்கு முழுச் சம்பளம் அவருக்கு உரியது. பாதி ஏற்கனவே கொடுத்தாயிற்று. நாளுக்கு 500 ரூபாய் கணக்கில் மீதி 12,000 ரூபாய். உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர், அந்தக் கணக்கை இரண்டு தடவை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு எந்த ஷிப்டுங்க?” என்று கேட்டார்.