வர்ணனையிலிருந்து ஸ்கோர்கார்டு

கிரிக்கெட் வர்ணனையில் எல்லாமே நடந்த வரிசையில் வரும். பந்து வீசினார், தட்டிவிட்டார், ஒரு ரன் ஓடினார்கள், அடுத்த பந்து என்று போய்க்கொண்டே இருக்கும். ஸ்கோர்கார்டிலோ ஒரு பேட்ஸ்மேனுக்கு ஒரே ஒரு வரிதான். எப்படி அவுட் ஆனார், எத்தனை ரன் எடுத்தார், எத்தனை பந்து ஆடினார் என்ற மூன்று விவரங்களுக்குள் அவர் களத்தில் நின்ற நேரம் முழுவதும் அடங்கிவிட வேண்டும். வர்ணனையைக் கேட்டோ படித்தோ இந்த அட்டவணையை எழுதுபவருக்கு உள்ள வேலை, ஒவ்வொரு பந்தையும் எடுத்து அது யார் கணக்கில் சேரும் என்று முடிவு செய்வதுதான். பெரும்பாலான பந்துகளில் யோசிக்க ஒன்றுமில்லை. கணக்கு தவறுவது வைட், நோ-பால், லெக்-பை, ரன் அவுட் ஆகிய நான்கு இடங்களில்தான்.

ஒரு பந்தைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் குழப்பம் வராது. இந்தப் பந்து பேட்ஸ்மேன் ஆடிய பந்தா? இதில் வந்த ரன் மட்டையில் பட்டு வந்ததா? வைட் பந்தை யாரும் ஆடியதாகக் கொள்வதில்லை. அதில் வரும் ரன் முழுவதும், ஓடி எடுத்ததும் சேர்த்து, உதிரி ரன்தான். நோ-பால் அப்படியல்ல. ஓவரின் ஆறு பந்துகளில் அது சேராது, ஆனால் பேட்ஸ்மேன் ஆடிய பந்துகளில் சேரும். அபராதமாக வரும் ஒரு ரன் உதிரிக்குப் போகும், மட்டையால் அடித்த ரன் அவருக்கே போகும். லெக்-பை, பை இரண்டிலும் பந்து பேட்ஸ்மேனுடையது, ரன் உதிரி. புதிதாக எழுதப் பழகுபவர்கள் வைடும் நோ-பாலும் ஒரே மாதிரி என்று நினைத்து, இரண்டையுமே பந்துக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். பந்துக் கணக்கு உதைப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இன்னொரு பக்கம், பந்தை எதிர்கொள்வது யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வர்ணனையாளர் ஒவ்வொரு பந்துக்கும் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். "ஒரு ரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபீல்டிங் அமைப்பைப் பற்றிப் பேசப் போய்விடுவார். அப்போது கைகொடுப்பது ஸ்ட்ரைக் மாறும் விதி. ஓடி எடுத்த ரன் ஒற்றைப்படை என்றால் முனை மாறும், இரட்டைப்படை என்றால் மாறாது, ஓவர் முடிந்தால் மறுமுனையில் இருப்பவர் அடுத்த பந்தை ஆடுவார். வைடில் மொத்தம் இரண்டு ரன் வந்தால் அதில் ஓடியது ஒன்றுதான், எனவே முனை மாறிவிடுகிறது. கேட்ச் ஆனால் என்ன ஆகும் என்பதில் போட்டி நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபருக்கு முன், பந்து பிடிபடுவதற்குள் இருவரும் ஒருவரையொருவர் தாண்டியிருந்தால் மறுமுனையில் இருந்தவரே அடுத்த பந்தை ஆட வருவார். இப்போது தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், ஓவர் முடியாத வரை, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். பழைய போட்டியின் வர்ணனையை இன்றைய விதியை வைத்துப் பிரித்தால் அங்கிருந்து ஆள் மாறி எழுதப்பட்டுவிடும்.

ஒரு ஓவரை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்கலாம். களத்தில் 'க', 'ச' என்று இரண்டு பேட்ஸ்மேன்கள். 'க' 18 பந்தில் 22 ரன், 'ச' 12 பந்தில் 9 ரன். பந்துவீசுபவர் 'ப'. ஸ்ட்ரைக்கில் 'க'. வர்ணனை இப்படிப் போகிறது:

"கவர் திசையில் தட்டிவிட்டு ஒரு ரன். அடுத்தது லெக் பக்கம் விலகிப் போகிறது, வைட், கீப்பர் கையிலும் சிக்கவில்லை, ஒரு ரன் ஓடிவிட்டார்கள். அடுத்த பந்து நோ-பால், அதையும் விளாசிவிட்டார், பவுண்டரி! ஃப்ரீ ஹிட்... காலில் பட்டு லெக்-பையாக ஒரு ரன். தூக்கி அடிக்கிறார், மிட் விக்கெட்டில் 'ம' பிடித்துவிட்டார், அவுட்! 'த' வருகிறார். முதல் பந்தையே தட்டிவிட்டு ஒரு ரன், இரண்டாவதுக்கும் ஓடுகிறார்கள், பந்துவீச்சாளர் முனையில் ஸ்டம்ப் தெறிக்கிறது, ரன் அவுட்! அடுத்த பந்தில் ரன் இல்லை. கடைசிப் பந்து, பாயிண்டுக்குப் பக்கத்தில் பவுண்டரி."

முதல் ரன் 'க' கணக்கில் சேர்கிறது. அவர் 19 பந்தில் 23, ஸ்ட்ரைக் 'ச' கைக்கு வருகிறது. வைட் வந்தபோது நின்றவர் 'ச', ஆனால் அவருக்குப் பந்து ஏறாது. உதிரி 2. ஒரு ரன் ஓடியதால் 'க' திரும்ப வருகிறார். எனவே நோ-பாலில் பவுண்டரி அடித்தவர் யார் என்று வர்ணனை சொல்லாவிட்டாலும் அது 'க' தான். அவர் 20 பந்தில் 27, உதிரி இன்னும் ஒன்று. லெக்-பையில் அவருக்கு ஒரு பந்து கூடி 21 ஆகிறது, ரன் கூடவில்லை. இப்போது ஸ்ட்ரைக் 'ச'. தூக்கி அடித்து அவுட் ஆனவர் அவர்தான், 13 பந்தில் 9.

அடுத்த பந்துதான் கவனிக்க வேண்டியது. வந்தவுடன் 'த' ஆடுகிறார். முதல் ரன் முழுதாக முடிந்துவிட்டதால் அது அவருடையது. ரன் அவுட் ஆனது யார்? முதல் ரன் முடிந்ததும் 'த' பந்துவீச்சாளர் முனையிலும் 'க' கீப்பர் முனையிலும் இருக்கிறார்கள். இரண்டாவது ரன்னுக்குப் பந்துவீச்சாளர் முனையை நோக்கி ஓடுபவர் 'க'. ஸ்டம்ப் தெறித்தது அந்த முனையில் என்பதால் அவுட் ஆனவர் அவரே. ஆனால் அந்தப் பந்து 'த' ஆடியது. 'க' 21 பந்திலேயே நிற்க வேண்டும். அவுட் ஆன பந்தை அவுட் ஆனவருக்கே ஏற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அடுத்த பந்தையும் 'த' தான் ஆடுகிறார், பிறகு பவுண்டரி. ஓவர் முடிவில் அட்டவணை இப்படி நிற்கும்:

| பேட்ஸ்மேன் | அவுட் ஆன விதம் | ரன் | பந்து |
|---|---|---|---|
| க | ரன் அவுட் | 27 | 21 |
| ச | சி ம, பி ப | 9 | 13 |
| த | நாட் அவுட் | 5 | 3 |

அந்த ஓவரில் வந்தது 14 ரன். 'க' 5, 'த' 5, உதிரி 4 என்று கூட்டினால் சரியாக இருக்கிறது. மூவரும் ஆடிய பந்துகள் 3, 1, 3 என ஏழு. ஓவரின் ஆறு பந்தும் ஒரு நோ-பாலும் சேர்ந்தால் ஏழு.

அவுட் ஆன விதத்தை எழுதும் கட்டத்தில் 'சி' என்பது கேட்ச் பிடித்தவர், 'பி' என்பது பந்துவீசியவர். போல்டு, எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் ஆகியவற்றிலும் பந்துவீச்சாளர் பெயர் வரும். ரன் அவுட்டில் வராது, அந்த விக்கெட் அவர் கணக்கிலும் சேராது. மாற்று வீரர் கேட்ச் பிடித்தால் 'சப்' என்று எழுத வேண்டும். ஒரு பந்துகூட ஆடாமல் அவுட் ஆனவருக்கும் தனி வரி உண்டு. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் வங்கதேசத்துக்கு எதிராக இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் 'டைம்டு அவுட்' முறையில் வெளியேறினார். அவருக்கு ரன் 0, பந்து 0. வரவே இல்லாத வீரருக்கு எழுதுவது 'பேட் செய்யவில்லை' என்பது. இரண்டும் வேறு.

எழுதி முடித்த அட்டவணை சரியா என்று பார்க்க அந்த இரண்டு கூட்டல்களையே முழு இன்னிங்ஸுக்கும் போட வேண்டும். லார்ட்ஸில் நடந்த 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவின் இன்னிங்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஸ்ரீகாந்த் 38, கவாஸ்கர் 2, அமர்நாத் 26, யஷ்பால் சர்மா 11, சந்தீப் பாட்டீல் 27, கபில் தேவ் 15, கீர்த்தி ஆசாத் 0, பின்னி 2, மதன் லால் 17, கிர்மானி 14, சந்து அவுட் ஆகாமல் 11. கூட்டினால் 163. உதிரி ரன்கள் 20. மொத்தம் 183, அன்றைய ஸ்கோரும் அதுதான்.

பந்துகளையும் அதே வரிசையில் கூட்டலாம்: 57, 12, 80, 32, 29, 8, 3, 8, 27, 43, 30. விடை 329. இன்னிங்ஸ் முடிந்தது 54.4 ஓவரில். இது தசமம் அல்ல, 54 ஓவரும் நான்கு பந்தும், அதாவது 328 பந்து. ஒன்று மிஞ்சுகிறதே என்று தேடினால் உதிரிப் பட்டியலில் ஒரு நோ-பால் இருக்கிறது. அதே பட்டியலில் வைடாக 9 ரன் இருந்தும் பந்துக் கூட்டலில் அதன் சுவடே இல்லை.

கூட்டல் ஒத்துவராவிட்டால் முதல் பந்திலிருந்து மறுபடி தொடங்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் வர்ணனையாளர் மொத்த ஸ்கோரைச் சொல்வார், அவ்வப்போது பேட்ஸ்மேனின் ரன்னையும் சொல்வார். கடைசியாக எந்த ஓவரில் இரண்டும் ஒத்துப்போயினவோ, அதற்குப் பிறகு உள்ளதை மட்டும் பார்த்தால் போதும். எழுத்தில் வரும் வர்ணனை என்றால் இன்னும் எளிது. 16.3 என்ற எண் இரண்டு முறை வந்திருந்தால், முதலில் வந்தது வைடாகவோ நோ-பாலாகவோ இருக்கும்.

ஆனால் கூட்டல் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. ஒருவர் எடுத்த ரன்னை மற்றவருக்கு எழுதிவிட்டால் மொத்தம் மாறவே மாறாது. எல்லாக் கூட்டலும் அழகாக ஒத்துவரும், அட்டவணை மட்டும் தப்பாக இருக்கும். இதைப் பிடிக்க ஸ்ட்ரைக்கைத்தான் நம்ப வேண்டும். கணக்குப்படி 'க' ஆட வேண்டிய பந்தை 'ச' ஆடுவதாக வர்ணனை சொன்னால், பிழை அதற்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது கவனிக்காமல் விட்ட ஒரு ரன்னாகவோ, ஓடியது எத்தனை என்று தெளிவாகச் சொல்லாத ஒரு வைடாகவோ இருக்கும்.

பந்துவீச்சுப் பட்டியல் மூன்றாவது சோதனை. பை, லெக்-பை ரன்கள் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது. மேலே பார்த்த ஓவரில் 14 ரன் வந்தாலும் 'ப' கொடுத்ததாக எழுதுவது 13 தான். விக்கெட் இரண்டு விழுந்தும் அவருக்கு ஒன்றுதான். 1983 இறுதிப் போட்டியில் ராபர்ட்ஸ் 32, கார்னர் 24, மார்ஷல் 24, ஹோல்டிங் 26, கோம்ஸ் 49, ரிச்சர்ட்ஸ் 8 ரன் கொடுத்ததாகப் பட்டியல் சொல்கிறது. கூட்டினால் 163, பேட்ஸ்மேன்கள் எடுத்த அதே 163. அன்று வைட், நோ-பால் ரன்கள் பந்துவீச்சாளர் மேல் எழுதப்படவில்லை. இன்றைய முறையில் எழுதினால் அந்த 10 ரன்னும் சேர்ந்து 173 வந்திருக்கும். பழைய போட்டியின் பட்டியலில் 10 ரன் குறைகிறது என்று யாராவது திருத்தப் போனால், சரியாக இருந்த அட்டவணைதான் கெடும்.