அவுட் ஆனவர் எங்கே போகிறார்?

ஏழாம் வகுப்பில் 36 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடற்கல்விப் பாடவேளை 40 நிமிடம். வரிசையில் வந்து நின்று, ஓடி உடம்பைச் சூடாக்கி முடிக்கும்போது கையில் மிஞ்சுவது 30 நிமிடம். “இன்றைக்குக் கபடி” என்று ஆசிரியர் அறிவித்ததும் அணிக்கு ஏழு பேர் வீதம் 14 பேர் உள்ளே போவார்கள். மற்ற 22 பேர் கோட்டுக்கு வெளியே குந்தியிருப்பார்கள். ஒரு ரெய்டுக்கு விதிப்படி 30 விநாடி. அடுத்தவர் கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் 40 விநாடி. ஆக, முழு வகுப்புக்கும் சேர்த்து அன்று கிடைப்பது ஏறக்குறைய 45 ரெய்டு. அதில் பெரும்பங்கை ஊர் அணியில் ஏற்கெனவே ஆடிப் பழகிய நாலைந்து பேரே எடுத்துக்கொள்வார்கள்.

உள்ளே போன 14 பேரின் கதையும் ஒன்றாக இல்லை. கபடியில் அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும், தன் அணி புள்ளி எடுத்தால்தான் திரும்ப வரலாம். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இது அருமையான விதி. வகுப்பறைக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். ஆடத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ, அவரையே விதி வெளியே உட்கார வைக்கிறது. அதனால் ஒரு பருவம் முழுக்கக் கபடி கற்றுக்கொடுக்கத் திட்டம் போடுகிறவர் பிடி வகைகளைப் பட்டியலிடுவதற்கு முன் அவுட் ஆனவரை என்ன செய்வது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழகப் பள்ளிகளில் இதற்கு வாகான காலம் மூன்றாம் பருவம். இரண்டாம் பருவத்தில் வடகிழக்கு மழை மைதானத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பொங்கல் முடிந்து பள்ளி திறக்கும்போது பல ஊர்களில் பிள்ளைகள் கபடிப் போட்டியை நேரில் பார்த்த சூட்டோடு வருவார்கள். அங்கிருந்து மார்ச் கடைசி வரை 11 வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை.

களத்தைச் சிறியதாக்குவது முதல் வேலை. சப் ஜூனியர் களம் 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் 4 மீட்டராகக் குறைத்து, பக்கத்துப் பக்கத்தில் நான்கு களம் போடலாம். இரண்டு களங்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் பிடியில் உருளும் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் போய் விழும். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பாக் கோடு. ரெய்டர் யாரையும் தொடாவிட்டாலும் இதையாவது தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும், இல்லையேல் அவுட். போனஸ் கோடு இப்போதைக்கு வேண்டாம். கோடு போட நீறு பூக்காத சுட்ட சுண்ணாம்பைத் தொடவே கூடாது. இது முகம் மண்ணில் படும் ஆட்டம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். கோலமாவு போதும். களத்தின் மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து இளக்கியபின் ஆசிரியரே வெறும் முட்டியை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்துவிடுவது நல்லது. அவருக்கு வலித்தால் பிள்ளைகளுக்கும் வலிக்கும்.

களத்துக்கு ஒன்பது பேர். நாலுக்கு நாலு ஆட்டம், ஒன்பதாவது பிள்ளை நடுவர். ரெய்டு 20 விநாடி. அவுட் ஆனவர் தன் கடைக்கோட்டுக்குப் பின்னால் போய் நின்று, அடுத்த இரண்டு ரெய்டுகளைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டு மறுபடி உள்ளே வருவார். ரெய்டு போவது எண் வரிசைப்படி, யாரும் தன் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இப்போது கணக்கைப் பாருங்கள். 15 நிமிடம் ஆடினாலே ஒரு களத்தில் 30 ரெய்டு நடக்கும், நடுவரை மாற்றி மாற்றி நிறுத்தினால் ஆளுக்கு மூன்றுக்குக் குறையாது. மிச்சமுள்ள 15 நிமிடம் அன்றைய பயிற்சிக்கு.

முதல் மூன்று வாரம் பிடியே கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு முழ நீளத் துணிப்பட்டையைச் செருகிவிட வேண்டும். தடுப்பவர்கள் பட்டையை உருவினால் ரெய்டர் பிடிபட்டார் என்று பொருள். ரெய்டர் கற்க வேண்டியவை மூன்று: நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே பாடத் தொடங்குவது, பாட்டு அறாமல் காலை நகர்த்துவது, எதிராளிகளுக்கு முதுகைக் காட்டாமல் திரும்புவது. மூன்றாவதுதான் கடினம். தொட்ட மகிழ்ச்சியில் பிள்ளை அப்படியே திரும்பி ஓடும், பின்னாலிருந்து பட்டை போகும். இரண்டு முறை பட்டையைப் பறிகொடுத்தபின், சொல்லாமலே பின்னடி வைத்து வரப் பழகிக்கொள்ளும். நின்ற இடத்தில் பாட்டைக் கணீரென்று பாடும் பிள்ளைக்கு, பாக் கோட்டை நெருங்கியதும் குரல் முனகலாகத் தேய்வதையும் கவனிக்கலாம். மூச்சு போதாமல் இல்லை, பயத்தில் மூச்சை அடக்கிவிடுகிறது. ஆளே இல்லாத களத்தில் போய்வரச் சொன்னால் பாட்டு அறாது.

பட்டை ஆட்டத்துக்கு ஒரு குறை உண்டு. தடுப்பவர்கள் நிமிர்ந்து நின்று கையை மட்டும் நீட்டப் பழகிவிடுவார்கள். நிஜப் பிடிக்கு இடுப்பு தாழ வேண்டும். ஆகவே இதை மூன்று வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

நான்காம் வாரம் பிடி தொடங்குகிறது. காயம் படுவதும் இங்கேதான். நகம் வெட்டியிருக்க வேண்டும். கொலுசு, வளையல், கம்மல், கழுத்துக் கயிறு எல்லாம் கழற்றப்பட வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஒரே வயதுப் பிள்ளைகளிடையே எடை ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு வேறுபடும். எடைக்கருவியில் நிறுத்தி மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும், ஆனால் எண்ணை உரக்கப் படிக்காமல் குழுவின் நிறத்தை மட்டும் சொன்னால் போதும். தொடுதல் யாரோடு யாருக்கும் நடக்கலாம், பிடி மட்டும் ஒரே நிறத்துக்குள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பட்டை ஆட்டத்தைச் சேர்ந்தே ஆடலாம், பிடியில் தனித்தனியாக. நம் பள்ளிகளில் அப்படி வைத்தால்தான் இரு தரப்பும் கூச்சமின்றி முழு பலத்தோடு ஆடுகிறார்கள்.

முதலில் விழக் கற்க வேண்டும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். தோள், இடுப்பு, தொடை என்று பக்கவாட்டில் உருள வேண்டும். அதன்பின் இருவரும் முட்டி போட்ட நிலையில் தொடைப் பிடி. முட்டி போட்டிருந்தால் விழும் உயரம் பாதியாகிவிடும், பயந்த பிள்ளையும் துணிந்து பிடிக்கும். பிடிப்பவரின் தலை ரெய்டருடைய தொடைக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும், முகவாய் நிமிர்ந்திருக்க வேண்டும், கன்னம் இடுப்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலையைக் குனிந்து முட்டிக்கு நேரே கொடுப்பதுதான் மூக்கும் பல்லும் போகிற வழி. கைவிரல்களைப் பின்னிக்கொள்ளவும் கூடாது, ரெய்டர் திமிறினால் விரல் மாட்டி ஒடியும். ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பற்றினால் போதும். பிடி இரண்டு விநாடி நின்றால் விசில். நடுக்கோட்டை நோக்கி இழுபறி எல்லாம் பிறகு.

2014இல் புரோ கபடி லீக் வந்தபிறகு ஆசிரியர்களுக்குப் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்திருக்கிறது. பர்தீப் நர்வாலின் டுப்கியைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன், காலசைவே வராதபோது செயினுக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்ப்பான். கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பதற்கும் டுப்கிக்கும் இந்தப் பருவத்தில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் வாரத்திலிருந்து செயின், அதாவது இருவர் கைகோத்துத் தடுப்பது. திறமை கலந்த வகுப்புக்குக் கபடி தானாகவே தரும் வசதி இது. நாலு பேர் அணியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஊர் அணியில் ஆடுகிறவர், இருவர் ஓரளவு தேறியவர்கள், ஒருவர் கபடியே ஆடியிராதவர். ஊர் அணிக்காரரை இடது கார்னரில் நிறுத்தி, புதியவரை அவர் பக்கத்தில் கவராகக் கைகோக்க வைக்கலாம். பெரும்பாலான ரெய்டர்கள் வலக்கையாலும் வலக்காலாலும் தொடுவதால் ஆட்டம் இடது கார்னர் பக்கம்தான் அதிகம் சாயும். புதியவர் மறு கார்னரில் ஒதுங்கி நின்றால் பருவம் முழுக்க வேடிக்கைதான் பார்ப்பார். இங்கே அவருக்கு ஒரே வேலை: கையை விடாமல், கார்னர் நகரும்போதே தானும் நகர்ந்து, ரெய்டர் திரும்பும் வழியை உடம்பால் மறைப்பது. பிடியைக் கார்னர் போடுவார்.

இது எங்கே உடையும் என்றால், பெரும்பாலும் புதியவரிடம் இல்லை. ஊர் அணிக்காரர் பொறுமையிழந்து, கையை உதறிவிட்டுத் தனியாகப் பாய்வார். பிடி கிடைத்தால் கைதட்டல், தவறினால் ரெய்டர் இருவரையும் தொட்டுவிட்டுப் போவார். அதற்காக இந்த வாரங்களில் ஒரு வகுப்பு விதி: செயினாகப் பிடித்தால் இரண்டு புள்ளி, தனியாகப் பிடித்தால் ஒன்று. ரெய்டிலும் அப்படியே. அணியின் நாலு பேருமே ஒரு புள்ளியாவது எடுத்துவிட்டால் லோனாவுக்குரிய இரண்டு புள்ளி கூடுதல். இந்த விதி வந்தபிறகு ஊர் அணிக்காரர் புதியவருக்கு எந்தப் பக்கம் போனால் தொடலாம் என்று காதில் ஓதத் தொடங்குவார்.

அவுட் ஆனவர்கள் எழுதும் குறிப்பேட்டில் ஒரு ரெய்டுக்கு மூன்று கட்டம்: பாக் கோட்டைத் தாண்டினாரா, தொட்டாரா, திரும்பினாரா. மதிப்பெண் இதிலிருந்துதான் வர வேண்டும், வென்ற தோற்ற கணக்கிலிருந்து அல்ல. இரண்டாம் வாரம் ஆறு ரெய்டில் ஒரு முறை பாக் கோட்டைத் தாண்டிய பிள்ளை ஒன்பதாம் வாரம் ஐந்து முறை தாண்டினால், ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டாலும் தேறியிருக்கிறது. தேறாத களமும் இதில் தெரிந்துவிடும். ‘தொட்டார்’ கட்டம் நிறைந்து, தொடப்பட்டவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், எல்லோரும் அந்தப் பிள்ளையைக் குறிவைக்கிறார்கள். அவர் இடத்தை மாற்ற வேண்டும்.

பத்தாம், பதினோராம் வாரங்களில் முழுக் களம், அணிக்கு ஏழு பேர். போனஸ் கோடு இப்போதுதான் வருகிறது. ஆறு பேருக்குக் குறையாமல் தடுப்பவர்கள் இருக்கும்போதுதான் போனஸ் உண்டு என்பதால், நாலு பேர் ஆட்டத்தில் அதற்குப் பொருளே இல்லை. அவுட் ஆனவர் வெளியே உட்கார்வதும், முதலில் அவுட் ஆனவர் முதலில் திரும்புவதும் இனி நிஜ விதிப்படியே. சப் ஜூனியர் ஆட்டத்தின் பாதி 15 நிமிடம். வகுப்பில் பாதிக்கு 7 நிமிடம் வைத்தால் ஒரு பாடவேளையில் இரண்டு ஆட்டம் முடியும், 28 பேர் ஆடிவிடலாம். மீதி எட்டுப் பேர் நடுவர், கோட்டு நடுவர், புள்ளிக் குறிப்பாளர் வேலை பார்ப்பார்கள். அடுத்த வகுப்பில் அந்த எட்டுப் பேர் பெயர்தான் அணிப் பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டும்.