தேய்க்காதீர்கள், கரைத்து எடுங்கள்

டியூஷன் சென்டர்களிலும் அலுவலகக் கூட்ட அறைகளிலும் அடிக்கடி நடப்பதுதான். ஒயிட்போர்டு மார்க்கர் என்று நினைத்து பெர்மனென்ட் மார்க்கரை எடுத்துப் பலகை நிறைய எழுதிவிடுகிறார்கள். டஸ்டரை வைத்துத் துடைத்தால் ஓர் எழுத்துகூட அசைவதில்லை. உடனே கை ஸ்க்ரப்பரைத் தேடுகிறது. சிலர் பற்பசையையும், சிலர் பாத்திரம் துலக்கும் தூளையும் எடுத்து வருகிறார்கள். அழுத்தித் தேய்த்தால் மை போய்விடும், உண்மைதான். ஆனால் பலகையின் வழவழப்பும் கூடவே போய்விடும். அதன்பிறகு அந்த இடத்தில் சரியான மார்க்கரால் எழுதினாலும் அழியாது. நன்றாக உழைக்க வேண்டிய பலகைகள் இப்படி வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மையை எடுக்கத் தேய்க்கவே வேண்டியதில்லை.

இரண்டு மார்க்கர்களின் மையும் பெரும்பாலும் ஆல்கஹால் வகைத் திரவத்தில் கரைந்திருப்பவைதான். வேறுபாடு அதில் சேர்ந்திருக்கும் மற்றொரு பொருளில் இருக்கிறது. பெர்மனென்ட் மார்க்கரில் ஒரு பிசின் உண்டு. ஆல்கஹால் ஆவியானதும் அந்தப் பிசின் மெல்லிய படலமாக இறுகி, நிறத்தைப் பலகையோடு ஒட்டவைத்துவிடும். ஒயிட்போர்டு மார்க்கரிலோ எண்ணெய்ப் பசையுள்ள பொருள் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் தடவிய கல்லில் தோசை ஒட்டாமல் பெயர்ந்து வருவதுபோல, நிறம் பலகையைப் பற்றிக்கொள்ளாமல் தூளாக உதிர்ந்துவிடும். பிசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் சோப்புத் தண்ணீரால் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. அது எந்தத் திரவத்திலிருந்து வந்ததோ, அதே வகைத் திரவத்தைக் கொடுத்தால் மறுபடி இளகிவிடும்.

ஒயிட்போர்டு மார்க்கரைக் கொண்டே பெர்மனென்ட் எழுத்தை அழிக்கலாம் என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதில் கரைக்கும் ஆல்கஹாலும் இருக்கிறது, ஒட்டவிடாத எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. எழுத்தின் மேலேயே, கோடு முழுவதும் மறையும்படி தீட்டிவிட்டு, சில விநாடிகளுக்குள் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்துபோன பழைய மார்க்கர் இதற்கு உதவாது. கரைக்கும் திரவம்தான் அதில் தீர்ந்துபோயிருக்குமே. ஈரமாக, தாராளமாக மை விடும் மார்க்கர் வேண்டும். இரண்டு மூன்று சொற்களை அழிக்க இந்த வழி போதும்.

பலகை நிறைய எழுதியிருந்தால் ஸ்பிரிட்தான் சரி. நான்கு அடிக்கு மூன்று அடிப் பலகை ஒன்றில், நீல பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு வாரத்துக்கான கால அட்டவணை எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு பாட்டில், கிழிந்த வெள்ளைப் பனியன் துணி நான்கைந்து துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், இவ்வளவு போதும். அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

முதலில் பலகையின் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை நிறம் ஏறினாலோ, அந்த இடம் மங்கினாலோ, விரலில் ஒட்டினாலோ நிறுத்திவிடுங்கள். அது பெயின்ட் பூசிய பலகை; ஸ்பிரிட் மையை மட்டுமல்ல, பூச்சையும் கரைக்கிறது. அப்படி எதுவும் ஆகாவிட்டால் தொடரலாம். ஸ்பிரிட்டைப் பலகை மேல் ஊற்றாமல் துணியில் நனைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சொல்லின் மேல் வைத்து, பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி இழுங்கள். துணி நீலமாகிவிடும். அந்த முகத்தை மடித்துவிட்டு, சுத்தமான முகத்தால் அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கரைந்த மை எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதே துணியால் பலகை முழுவதும் துடைத்தால், நீலம் எழுத்து வடிவத்தை விட்டு, பலகை எங்கும் வெளிர் நீலப் படலமாகப் பரவும். பிறகு ஸ்பிரிட் உடனே ஆவியாகிவிடுவதால் அந்தப் படலம் அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். துணியை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். எழுத்து போனபின் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு எழுதுங்கள்.

கையில் ஸ்பிரிட் இல்லையென்றால் சானிடைசர் உதவும். வேலை செய்வது அதிலுள்ள ஆல்கஹால்தான். கெட்டியான ஜெல் வகையில் கிளிசரின் முதலானவை பிசுபிசுப்பாகத் தங்கிவிடும் என்பதால் பின்னால் தண்ணீர்த் துடைப்பு கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்தின் சாயல் நிழல்போலத் தெரியலாம். விலை குறைந்த மெலமைன் பலகைகளில் இது சகஜம். புதிதாக இருக்கும்போது வழவழப்பாக இருந்தாலும், நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, நிறம் அவற்றுக்குள் இறங்கிவிடுகிறது. நனைத்த துணியை ஓரிரு நிமிடம் அதன் மேல் ஒட்டவைத்து எடுத்தால் கொஞ்சம் மங்கும். முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிபோன்ற எனாமல் சுட்டு உருக்கிய பலகையிலும், கண்ணாடிப் பலகையிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று மட்டும் தெரியும். மேலே இருப்பது எனாமலா, பெயின்ட்டா என்பதை அந்த ஓரச் சோதனைதான் சொல்லும்.

சமையலறை அலமாரிக் கதவிலோ மேசையிலோ குழந்தை கறுப்பு மார்க்கரால் படம் வரைந்துவிட்டால் என்ன செய்வது? சன்மைக்கா என்று நாம் சொல்கிற ஷீட்டின் மேற்பரப்பும் பெரும்பாலும் அதே மெலமைன் பிசின்தான். பிசின் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. ஸ்பிரிட்டைத் தாராளமாகத் தாங்கும். ஒரே ஒற்றலில் கோடு வந்துவிடுவதுகூட உண்டு. ஆனால் பளபளப்பான ஷீட்டில் அந்தப் பளபளப்பே எல்லாம். ஸ்க்ரப்பர், தூள், பற்பசை எதுவானாலும் நுண்கீறல் போடும். வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கும் மேஜிக் ஸ்பாஞ்சை மென்மையானதென்று நம்பி வாங்குகிறார்கள். அதுவும் மெலமைன் நுரைதான். மிக நைசான உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும். மையும் போகும், அந்த இடத்தில் மங்கிய வட்டமும் விழும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் அது எப்போதும் தெரியும். போன பளபளப்பை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஸ்பிரிட்டுக்கு அசையாத பழைய கோடாக இருந்தால், அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, ஒருமுறை இழுத்து, உடனே ஈரத் துணியால் துடைக்கலாம். இது மெலமைன் சன்மைக்காவுக்கு மட்டும்தான். இப்போதெல்லாம் கண்ணாடிபோலப் பளிச்சிடும் கதவுகள் பல அக்ரிலிக் அல்லது பிவிசி ஷீட்டால் ஆனவை. அசிட்டோன் பட்டால் அவை இளகி வெளுத்துப்போகும். அக்ரிலிக்கில் ஸ்பிரிட்டே அதிகம் ஊறினால் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரலாம். எது என்று தெரியாதபோது தச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க ஆளில்லையென்றால் அசிட்டோனைத் தொடாதீர்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் மேலே தீட்டித் துடைப்பதையும், அதுவும் முதலில் கதவின் உட்புறத்தில் பார்த்துவிட்டு, முயலுங்கள். திரவம் குறைவாகப் படுவதால் அதில் ஆபத்து குறைவு.

எந்த ஷீட்டானாலும் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டைப் பக்கம் துணி சொட்டச் சொட்டப் போகக் கூடாது. அந்த இணைப்புக்குள் ஸ்பிரிட்டோ அசிட்டோனோ இறங்கினால் பசை இளகி, சில நாளில் பட்டை பெயரத் தொடங்கும். விளிம்பில் உள்ள கோட்டுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள்.