வாரத்துக்கு 11 மணி நேரம்: மேலாளருக்கு ஒரு கணக்கு

இணையத்தில் துணி விற்கும் கடைகளில், கேமராவுக்கும் விற்பனைப் பக்கத்துக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். புகைப்படக்காரர் தந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துணியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டி, சதுரமாக்கி, அளவைக் குறைத்துச் சேமிப்பது அவர் வேலை. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் பெரும்பாலும் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. விற்பனைப் பக்கத்துக்கு 2000க்கு 2000 தாராளம். இந்த வேலையைக் கணினியே மொத்தமாகச் செய்துவிடும் என்று ஈரோட்டுக் கடை ஒன்றில் இருப்பவர் கண்டுகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

"நிறைய நேரம் மிச்சமாகும் சார்" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மென்பொருள் விற்க வருகிற எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொல்கிறார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். புதுச் சரக்குப் படங்களை அளவு மாற்றும் வேலை பற்றி எழுதுகிறேன். சரக்கு அதிகம் வரும் வாரத்தில் 300 படங்கள் வருகின்றன. ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது. இதைக் கணினியே செய்யும்படி வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் நான் உட்கார வேண்டியது ஒன்றரை மணி நேரம்தான். படங்களை எடுத்து வைக்க 10 நிமிடம், முடிந்ததைச் சரிபார்க்க 20 நிமிடம், கணினிக்குச் சரியாக வராத 15 படங்களைக் கையால் செய்ய 1 மணி நேரம். மிச்சம் 11 மணி நேரம்.

இதை முழுதாக அமைக்க எனக்கு 2 வேலை நாள் வேண்டும். மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். மூலப் படங்கள் அப்படியே தனியாக இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைப் படங்கள் இதில் கெட்டுப்போகின்றன. அவற்றை இப்போதுபோலக் கையாலேயே செய்வேன். திங்கள்கிழமை எடுத்த படங்கள் வியாழன்தான் பக்கத்தில் ஏறுகின்றன. இனி செவ்வாயே ஏறும். மிச்சமாகும் நேரத்தில், நீள அகல விவரம் இல்லாமல் கிடக்கும் பழைய சரக்குப் பக்கங்களைச் சரிசெய்கிறேன். ஒரு மாதம் கழித்து, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதித் தருகிறேன்."

இந்தக் கடிதத்தின் உயிர் "மிச்சம் 11 மணி நேரம்" என்ற வரியில் இல்லை. ஆள் இன்னும் உட்கார வேண்டிய அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. மேலாளர் நம்புவதும் அதைப் பார்த்துத்தான். கணினி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எழுதியிருந்தால், முதல் வாரமே ஒரு வேட்டிப் படம் ஓரம் வெட்டுப்பட்டுப் பக்கத்தில் ஏறியிருக்கும். பிறகு இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

முதலில் அந்த இரண்டரை நிமிடம். அதை நினைவிலிருந்து எழுதக் கூடாது. சலிப்பான வேலை எப்போதும் உள்ளதைவிட நீளமாகத்தான் நினைவில் நிற்கும். கைபேசியில் நேரம் ஓடவிட்டு, வழக்கமாகச் செய்பவரே வழக்கமான வேகத்தில் ஓர் இருபது படங்களைச் செய்ய வேண்டும். அந்த இருபதில் எளிய சேலைப் படங்களும் இருக்க வேண்டும், சிக்கலான வேட்டிப் படங்களும் இருக்க வேண்டும். மொத்த நேரத்தை இருபதால் வகுத்தால் கிடைப்பதுதான் எண். போட்டோஷாப்பில் ஏற்கெனவே படங்களைத் தொகுப்பாக மாற்றும் வசதியைப் பயன்படுத்துகிறார் என்றால், ஒப்பிட வேண்டியது அந்த நேரத்தோடுதான். ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ் போன்ற தளங்கள் பட்டியலில் காட்டும் சிறு படங்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். யாரும் செய்யாத அந்த வேலையையும் மிச்சக் கணக்கில் சேர்த்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

அடுத்து, கணினி செய்யும் வேலை என்ன? 1990 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில், படங்கள் இருக்கும் கோப்புறையில் நின்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். முன்னதாக `web` என்ற பெயரில் உள்ளே ஒரு காலிக் கோப்புறை வைத்திருக்க வேண்டும்.

```
magick mogrify -path web -auto-orient -fuzz 5% -trim +repage -resize "1700x1700>" -background white -gravity center -extent 2000x2000 -quality 85 *.jpg
```

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தை `-auto-orient` நிமிர்த்துகிறது. `-trim` படத்தின் ஓரத்தில் ஒரே நிறமாக உள்ள வெற்றிடத்தை வெட்டுகிறது. அதற்கு முன் உள்ள 5 சதவீதம், அந்த நிறத்திலிருந்து கொஞ்சம் மாறியிருந்தாலும் வெற்றிடமாகவே எண்ணிக்கொள் என்கிறது. வெட்டிய துணிப் படம் 1700 புள்ளிகளுக்குள் அடக்கப்பட்டு, 2000க்கு 2000 அளவுள்ள வெள்ளைச் சதுரத்தின் நடுவில் வைக்கப்படுகிறது. ஏன் 1700? அமேசான், பொருளின் முதன்மைப் படத்தில் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் 85 சதவீத இடத்தையாவது நிரப்ப வேண்டும் என்கிறது. 2000இல் 85 சதவீதம் 1700.

`-path web` என்பதை மட்டும் மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் இந்தக் கட்டளை புதுப் படத்தை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். 6000 புள்ளிப் படம் திரும்பக் கிடைக்காது. கடிதத்தில் "மூலப் படங்கள் அப்படியே இருக்கும்" என்று ஒரு வரி இருப்பது இதனால்தான். படமெடுக்கக் கூலி கொடுத்த மேலாளருக்கு முதலில் எழும் பயமும் அதுவாகத்தான் இருக்கும்.

கணினி ஓடும் நேரம் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 300 படங்களை மாற்றி முடிக்கும்வரை கணினிக்கு வேலை இருக்கும், ஆளுக்கு இல்லை. அவர் எழுந்துபோய் வேறு வேலை பார்க்கலாம். மேலாளருக்குச் சொல்ல வேண்டியது ஆள் செலவிடும் நேரம்.

இனி அந்த 20 நிமிடச் சரிபார்ப்பு. 300 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் மிச்சமான நேரம் அதிலேயே போய்விடும். அதற்குப் பதில், பக்கத்துக்கு 30 சிறு படங்களாக அடுக்கிக் காட்டச் சொல்லலாம்.

```
magick montage web/*.jpg -tile 6x5 -geometry 200x200+6+6 sheet.jpg
```

300 படங்கள் 10 பக்கங்களில் வந்து நிற்கும். படத்துக்கு 4 விநாடி என்று கொண்டால் 20 நிமிடம். தவறுகள் இப்படி அடுக்கிப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். நடுவில் தபால்தலை அளவில் ஒரு துணி தெரிந்தால், வாட்ஸ்அப்பில் வந்த சிறிய படம் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். கட்டளையில் 1700க்குப் பின் உள்ள `>` குறி, சிறிய படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்காதே என்கிறது. அதனால் அது சிறிதாகவே நிற்கிறது. துணியைச் சுற்றி லேசான சாம்பல் கட்டம் தெரிந்தால், படமெடுக்கும்போது பின்திரையில் வெளிச்சம் போதவில்லை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த திரை, கணினி சேர்த்த தூய வெள்ளைக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரிகிறது. இதைக் கணினியில் திருத்திக்கொண்டிருப்பதைவிடத் திரைக்கு இன்னொரு விளக்கு போடுவது நல்லது. கடைசியாக, உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பல கேமராக்கள் கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் `.JPG` என்று முடிக்கின்றன. லினக்ஸ் கணினியில் `*.jpg` என்று கேட்டால் அவை அகப்படாது. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் விடுபட்டுப் போகும்.

வெள்ளை வேட்டி ஏன் கெடுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். வெள்ளைத் திரைமேல் வெள்ளைத் துணி. 5 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கும் துணி விளிம்பையும் வெற்றிடம் என்று எண்ணி `-trim` வெட்டிவிடுகிறது. கரை மட்டும் மிஞ்சுகிறது. 5ஐ 1 ஆகக் குறைத்தால் திரையில் விழுந்த மெல்லிய நிழல்கூடப் பொருளாகிவிடும், எதுவுமே வெட்டப்படாது. எல்லாத் துணிக்கும் பொருந்துகிற எண் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் 15 படங்கள் கைக்கு வருகின்றன. படத்துக்கு 4 நிமிடம் வீதம் 1 மணி நேரம்.

கடிதத்தில் இல்லாத ஓர் எண்ணையும் சொல்ல வேண்டும். 11ஐ 52ஆல் பெருக்கி "ஆண்டுக்கு 572 மணி நேரம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் 300 படங்கள் வரலாம். மற்ற வாரங்களில் 60தான் வரும். 60 படங்களுக்குக் கையால் இரண்டரை மணி நேரம். கணினி வழியில் எடுத்து வைக்க 10, பார்க்க 4, மூன்று படங்களைக் கையால் செய்ய 12, ஆக 26 நிமிடம். மிச்சம் 2 மணி நேரம்தான். அமைக்கப் போன 16 மணி நேரம், 300 படம் வரும் வாரங்களில் ஒன்றரை வாரத்தில் திரும்பி வரும். மந்தமான வாரங்களில் எட்டு வாரம் ஆகும். மேலாளர் கேட்டால் இரண்டையும் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

மிச்ச நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்ற வரியை நான் எப்போதும் வற்புறுத்துவேன். சம்பளம் மாதச் சம்பளம். 11 மணி நேரம் குறைந்ததால் கடையின் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையப் போவதில்லை. அந்த நேரம் எங்கே போகிறது என்று எழுதாவிட்டால், "அப்படியானால் இந்த ஆள் எதற்கு?" என்ற கேள்வியை நாமே மேலாளர் மனத்தில் விதைத்தவர்களாவோம். சேலையின் நீளமும் சட்டையின் அளவும் சரியாக இல்லாத பக்கங்களால் துணி திரும்பி வருகிறது என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அதைக் கையில் எடுப்பதாகச் சொல்பவரின் கடிதம் வேலையைத் தட்டிக்கழிப்பவரின் கடிதமாகப் படாது.

ஒரு மாதம் கழித்து எழுதும் கடிதத்தில் மாறக்கூடிய எண் அந்த 1 மணி நேரம். 15 படங்களில் 10 வேட்டிப் படங்கள் என்றால், வேட்டிகளைத் தனிக் கோப்புறையில் போட்டு, கேமராவை முக்காலியில் நிலையாக நிறுத்தி, வேட்டி வைக்கும் இடத்தைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடலாம். பிறகு கணினி எதையும் ஊகித்து வெட்ட வேண்டியதில்லை. `-fuzz 5% -trim` என்பதை எடுத்துவிட்டு `-gravity center -crop 3600x3600+0+0` என்று போட்டால், 6000க்கு 4000 படத்தின் சரி நடுவிலிருந்து ஒரே அளவுச் சதுரம் வெட்டப்படும்; அதை 2000க்குச் சுருக்கிக்கொள்ளலாம். சதுரத்தில் 85 சதவீதம் நிரம்பும்படி வேட்டியை வைப்பது புகைப்படக்காரர் பொறுப்பு. கைக்கு மிஞ்சுவது 5 படங்கள், 20 நிமிடம்.