தொடை இடுக்கில் வலி: விரல் சொல்லும் சேதி

கால்பந்து வீரர் ஒருவருக்குப் பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை உதைக்கும்போதெல்லாம் தொடை இடுக்கில் சுருக்கென்று வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்பவர்கள் அதிகம். ஆனால் வலியே இல்லாத வீரர்களின் எம்.ஆர்.ஐ. படத்திலும் அந்த இடத்தில் மாற்றங்கள் தெரிவதுண்டு. அதனால் முதலில் மருத்துவரின் விரல்களைத்தான் நம்ப வேண்டும்.

2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் வகுத்த முறையும் அப்படித்தான். வீரரை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்தொடைத் தசை இடுப்பெலும்பில் சேரும் இடத்தை அழுத்திப் பார்க்கிறார்கள். பிறகு மருத்துவர் தன் கையைக் கால்களுக்கு நடுவே வைத்து, இறுக்கி நெருக்கச் சொல்கிறார். இரண்டு முறையும், விளையாடும்போது வரும் அதே வலி அங்கேயே வந்தால் கோளாறு உள்தொடைத் தசையில். கால்பந்தில் அதிகம் வருவது இதுதான். அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புகள் முன்னால் இணையும் இடத்தை அழுத்தினால் வலிக்கிறதென்றால் சந்தேகம் அந்த இணைப்பின் மேல் திரும்பும்.

ஆளை ஏமாற்றுவது இடுப்பு மூட்டு. முழங்காலை மடக்கி, மார்புப் பக்கம் கொண்டுபோய், காலை உள்நோக்கித் திருப்பும்போது வலி வராவிட்டால் மூட்டுக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. வலித்தால் அதை மட்டும் வைத்து எதையும் உறுதிசெய்ய முடியாது, எக்ஸ்ரே தேவைப்படும்.

இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, ஒற்றைக்காலில் குதிக்கவே முடியவில்லை என்றால் தொடையெலும்பின் கழுத்தில் விரிசல் விட்டிருக்கலாம். அப்போது மட்டும் ஆட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.