வந்தது ஐந்து லட்சம், வருமானம் இரண்டு லட்சம்

சுரங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்ட ஒருவருக்கு முதல் ஆண்டு முடிவில் 5 லட்சம் ரூபாய் வருகிறது. பணம் வங்கியில் ஏறிவிட்டது. அதைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவும் முடியாது. ஆனால் அவருடைய கணக்காளர் வருமானத்தில் 2 லட்சத்தை மட்டும் எழுதிவிட்டு, மீதி 3 லட்சத்தை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் கொண்டுபோய் வைக்கிறார். கையில் இருக்கும் பணம் எப்படிக் கடன் மாதிரி ஆகும் என்று நிலக்காரர் கோபப்படுவது நியாயம்தான். இருந்தாலும் கணக்காளர் செய்ததே சரி.

காரணம் குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. சுரங்கம் எடுப்பவர் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று நிலக்காரருக்குத் தருவது ராயல்டி. நம் உதாரணத்தில் டன்னுக்கு 50 ரூபாய். இது மட்டும் இருந்தால் நிலக்காரர் பாடு திண்டாட்டம். குழி தோண்ட, நீர் இறைக்க, பாதை போட என்று முதல் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடும்; அதுவரை அவருக்குக் காசு வராது. போட்டிக்காரர் கைக்கு நிலம் போகக் கூடாது என்று குத்தகை எடுத்துவிட்டு வெட்டாமலே வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. அதனால்தான் நிலக்காரர்கள் ஒரு கீழ்வரம்பு கேட்டார்கள்: வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஆண்டுக்கு 5 லட்சம். குறைந்தபட்ச வாடகை என்பது இதுதான். டெட் ரென்ட் என்றும் சொல்வார்கள்.

எடுப்பவரும் சும்மா இருக்கவில்லை. "கனிமம் இன்னும் உங்கள் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. எடுக்காத சரக்குக்கு இன்றைக்கு விலை கொடுத்துவிட்டு, நாளைக்கு அதையே எடுக்கும்போது மறுபடியும் விலை கொடுக்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறந்த சமரசம்தான் ஷார்ட்வொர்க்கிங். குறைந்தபட்ச வாடகைக்கும் உண்மையான ராயல்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பிற்பாடு நன்றாக வெட்டும் ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு.

நம் பத்திரத்தில் கெடு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: எந்த ஆண்டின் குறைவையும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் 4,000 டன் வெட்டினார்கள். ராயல்டி 2 லட்சம், கொடுத்தது 5 லட்சம், குறைவு 3 லட்சம். நிலக்காரர் புத்தகத்தில் குத்தகைதாரர் கணக்கில் 5 லட்சம் பற்று எழுதப்படும். எதிரே ராயல்டி கணக்கில் 2 லட்சமும் ஷார்ட்வொர்க்கிங் கணக்கில் 3 லட்சமும் வரவாகும். ராயல்டி அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். மற்றது போகாது, நிலுவையில் நிற்கும். எடுப்பவரின் புத்தகத்தில் இதே 3 லட்சம் சொத்தாக நிற்கும்.

இரண்டாம் ஆண்டில் 8,000 டன். ராயல்டி 4 லட்சம். கொடுப்பது மறுபடி 5 லட்சம்தான், குறைவு 1 லட்சம். நிலுவை மொத்தம் 4 லட்சமாகிறது.

மூன்றாம் ஆண்டில் சுரங்கம் சூடுபிடித்து 13,000 டன் வந்தது. ராயல்டி ஆறரை லட்சம். புதிதாகக் கணக்குப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இது. நிலுவை 4 லட்சம் இருக்கிறதே என்று ஆறரையிலிருந்து நாலைக் கழித்து இரண்டரை லட்சத்துக்குக் காசோலை எழுதிவிட முடியாது. குறைந்தபட்ச வாடகைக்கு மேல் வந்த உபரியில்தான் கழிக்கலாம். உபரி ஒன்றரை லட்சம், அவ்வளவுதான் ஈடாகும். நிலக்காரருக்கு அந்த ஆண்டும் 5 லட்சம் வந்தே தீரும்.

கழித்த ஒன்றரை லட்சத்தை எந்த ஆண்டுக் குறைவில் வரவு வைப்பது? பழையது முதலில். முதல் ஆண்டின் 3 லட்சத்தில் பாதி இப்படித் தீர்ந்தது. மறுபாதிக்கு மூன்றாம் ஆண்டோடு கெடு முடிந்துவிட்டது. எடுப்பவர் இனி அதைக் கேட்க முடியாது. அந்த ஒன்றரை லட்சம் அன்றுதான் நிலக்காரரின் சொந்த வருமானமாகி, நிலுவையிலிருந்து இலாப நட்டக் கணக்குக்கு மாறுகிறது. எடுப்பவர் அதே நாளில் அதை நட்டமாக எழுதித் தள்ளுவார். பணம் வந்தது முதல் ஆண்டு, வருமானமானது மூன்றாம் ஆண்டு.

நான்காம் ஆண்டில் 15,000 டன், ராயல்டி ஏழரை லட்சம். உபரி இரண்டரை லட்சம் இருந்தாலும் கெடு தாண்டாமல் மிஞ்சியிருப்பது இரண்டாம் ஆண்டின் 1 லட்சம் மட்டுமே. அதைக் கழித்துக்கொண்டு ஆறரை லட்சம் கொடுக்கிறார். நிலுவை தீர்ந்தது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளில் வெட்டியது 40,000 டன். டன்னுக்கு 50 என்றால் ராயல்டி 20 லட்சம். நிலக்காரர் வாங்கியது 21.50 லட்சம். கூடுதலாக வந்த ஒன்றரை லட்சம், கெடு முடிந்து அவருக்குச் சேர்ந்த தொகையோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ காலாவதியான குறைவைக் கழித்துவிட்டார்கள், அல்லது காலாவதியானதை வருமானத்துக்கு மாற்ற மறந்துவிட்டார்கள் என்று பொருள். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கும். ஷார்ட்வொர்க்கிங் கணக்கில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து, அது எந்தெந்த ஆண்டில் பிறந்தது என்று பிரித்து எழுதாமல் விட்டால் தேதி கடந்ததே தெரியாது.

முதல் ஆண்டின் 5 லட்சத்தையும் வருமானம் என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? முதல் மூன்று ஆண்டும் 5, 5, 5 என்று சமமாக ஓடும். சுரங்கம் தூங்கிய ஆண்டும் பாய்ந்த ஆண்டும் ஒரே மாதிரித் தெரியும். அதைவிட, எடுப்பவருக்கு 4 லட்சம் வரை கழித்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்பதே புத்தகத்தில் இருக்காது. அந்தப் புத்தகத்தைக் காட்டி நிலத்தை விற்றால், வாங்குபவர் ஏமாறுவார்.

பத்திரத்தில் ஒரு வரி மாறினால் கணக்கும் மாறும். "அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள்" என்பதற்குப் பதில் "குத்தகையின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்" என்று எழுதியிருந்தால், மூன்றாம் ஆண்டு முடிவில் எல்லாக் குறைவுக்கும் ஒரே நாளில் கெடு முடியும். இரண்டாம் ஆண்டின் 1 லட்சமும் அதில் போய்விடும். நான்காம் ஆண்டில் நிலக்காரருக்கு முழு ஏழரை லட்சமும் வரும். அந்த ஒரு வரிக்கு விலை 1 லட்சம்.

வேலைநிறுத்தக் காலத்துக்கென்றும் ஒரு வரி இருப்பது வழக்கம்: சுரங்கம் மூடியிருந்த காலத்துக்கு ஏற்பக் குறைந்தபட்ச வாடகை குறையும். மேலே சொன்ன இரண்டு ஆண்டுக் கெடுவோடு, இரண்டாம் ஆண்டில் மூன்று மாதம் வேலைநிறுத்தம் என்றால் அந்த ஆண்டின் கீழ்வரம்பு 3,75,000 ரூபாய்தான். ராயல்டியோ 4 லட்சம். ஆக, குறைவு விழ வேண்டிய ஆண்டில் 25,000 உபரி தோன்றி, முதல் ஆண்டுக் குறைவில் கழிகிறது. நிலக்காரர் கைக்கு அந்த ஆண்டு ஒன்றேகால் லட்சம் குறைவாக வரும். அவர் பதறுவார். ஆனால் நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் அவருக்கு வருவது 21.25 லட்சம், இழப்பு வெறும் 25,000. இரண்டாம் ஆண்டின் 1 லட்சக் குறைவு பிறக்கவே இல்லை என்பதால் நான்காம் ஆண்டில் அதைக் கழிக்கவும் வழியில்லாமல் போகிறது.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறைவு ஆண்டுகளில் நிலக்காரர்கள் எடைச்சீட்டைப் புரட்டுவதில்லை. எத்தனை டன்னானாலும் 5 லட்சம்தானே வரப்போகிறது என்ற நினைப்பு. பிசகு அங்கேதான். இரண்டாம் ஆண்டில் 500 டன்னை மறைத்து 7,500 என்று காட்டினால், அன்றைக்கு நிலக்காரருக்கு ஒரு ரூபாயும் குறையாது. ஆனால் குறைவு 1 லட்சத்திலிருந்து ஒன்றேகால் லட்சமாக ஊதிவிடும். நான்காம் ஆண்டில் அதை முழுசாகக் கழித்துக்கொள்ளும்போது 25,000 போய்விடும். அதற்குள் பழைய சீட்டுகள் யாரிடம் இருக்கப் போகின்றன? ஆகவே குறைவு ஆண்டில்தான் லாரி நடைகளையும் வெடிமருந்துப் பதிவேட்டையும் நீரிறைக்கும் மின்கட்டணத்தையும் டன் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வெட்டிய டன்னுக்கா, விற்ற டன்னுக்கா ராயல்டி என்பதும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விற்றதற்கு என்றால் ஆண்டிறுதியில் குவித்து வைத்திருக்கும் சரக்கு கணக்கில் வராது.

இந்தக் கணக்குமுறை நிலக்கரிச் சுரங்கங்களோடு வளர்ந்தது. பிரிட்டனில் நிலப்பிரபுக்கள் இப்படித்தான் நிலக்கரி ராயல்டி வாங்கிவந்தார்கள்; 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த உரிமைகள் 1942இல் அரசுடைமையானபோது அவர்களுக்கு 6 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு இழப்பீடு வைக்கப்பட்டது. நம் நாட்டில் ஜரியா போன்ற பகுதிகளில் ஜமீன்தார்கள் நிலக்கரி நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ராயல்டி வாங்கினார்கள். பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1950 வந்த பிறகு அந்தக் குத்தகைகள் அரசிடம் பெற்ற குத்தகைகளாகக் கருதப்பட்டன. தனியார் நிலக்காரர் அறவே இல்லாமல் போய்விடவில்லை. மலபாரின் ஜென்ம நிலங்களில் மண்ணுக்கடியிலுள்ள கனிமம் நில உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது.

அரசு கொடுக்கும் குத்தகையில் ஷார்ட்வொர்க்கிங் கிடையாது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 9ஏ பிரிவு, ராயல்டி, டெட் ரென்ட் இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டு என்கிறது. குறைவை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அதில் இடமில்லை. நம் எண்களையே அங்கே போட்டால் நான்கு ஆண்டுகளில் கட்ட வேண்டியது 5, 5, 6.50, 7.50 என்று 24 லட்சம். தனியார் பத்திரத்தில் 21.50 லட்சத்தோடு முடிந்தது.